விளம்பரச் செலவு ஏறியது, என்கொயரி ஏறவில்லை: திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

அலுவலக நாற்காலிகளைப் பழுது பார்த்துக் கொடுக்கும் சிறுதொழில்காரர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். “சார், கூகுள் விளம்பரத்துக்குப் போகிற பணம் மூன்று மாதத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது. கன்வெர்ஷன் ஆறு மடங்குக்கு மேல் கூடியிருப்பதாகத் திரை காட்டுகிறது. ஆனால் யார் கூப்பிட்டாலும், படிவம் அனுப்பினாலும் நான் நோட்டில் எழுதி வைப்பேன். அந்த நோட்டில் ஒரு மாற்றமும் இல்லை. எதை நம்புவது, நோட்டையா, திரையையா?”

கன்வெர்ஷன் என்பது, விளம்பரம் வழியாக வந்தவர் நாம் எதிர்பார்த்த காரியத்தைச் செய்ததாகத் திரை எண்ணுவது. அவருடைய கூகுள் விளம்பரக் கணக்கைத் திறந்து பார்த்தேன். பத்து நிமிடத்தில் காரணம் தெரிந்துவிட்டது. நான் புத்திசாலி என்பதால் இல்லை, இதே குழியில் நானும் விழுந்து எழுந்தவன் என்பதால். புதிதாக விளம்பரம் ஓட்டுகிறவர்கள் ஒவ்வொருவராக அதே இடத்தில் விழுவதைப் பார்க்கும்போது எரிச்சலாகத்தான் இருக்கிறது. விளம்பரத்தில் எழுத்துப் பிழை, திறக்காத இணைப்பு போன்றவற்றை இங்கே பேசப் போவதில்லை. அவை கண்ணில் பட்டுவிடும், திருத்திவிடலாம். கண்ணில் படாததுதான் பணத்தைத் தின்கிறது.

எதை எண்ணுகிறோம் என்று பார்க்காமல் எண்ணுவது

முதல் மாதச் செலவை 100 என்று வைத்துக்கொள்வோம். அந்த மாதம் 400 கிளிக். திரையில் 20 கன்வெர்ஷன். அந்த 20 பேரும் தொடர்புப் படிவத்தை நிரப்பி அனுப்பியவர்கள். தொலைபேசியில் நேரடியாகக் கூப்பிட்டவர்கள் 11 பேர். ஆக நோட்டில் 31.

நான்காவது மாதம் செலவு 190, கிளிக் 1,050, திரையில் 131 கன்வெர்ஷன், நோட்டில் 32.

131 என்பது ஒரே எண்ணாகத் தெரிகிறது. அதைப் பிரித்துப் பார்த்ததும் கதை வெளியே வந்தது. படிவம் அனுப்பியவர்கள் 21. தொலைபேசி எண்ணைத் தொட்டவர்கள் 14. தொடர்புப் பக்கத்தைத் திறந்தவர்கள் 96! திறந்தவர்கள், அவ்வளவுதான். எதையும் எழுதவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. இடையில் யாரோ உதவி செய்வதாக நினைத்து, எண்ணைத் தொடுவதையும் தொடர்புப் பக்கம் திறப்பதையும் கன்வெர்ஷனாகச் சேர்த்திருக்கிறார்கள்.

இது வெறும் அறிக்கைக் கோளாறு என்றால் இவ்வளவு எழுத மாட்டேன். தப்பான எண் திரையில் கிடந்தால் கிடந்துவிட்டுப் போகட்டும். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு கிளிக்குக்கு எவ்வளவு தரலாம் என்ற ஏலத்தொகையை முடிவு செய்தது மனிதர் இல்லை. Maximize conversions என்ற தானியங்கி முறை போட்டிருந்தது. கொடுத்த பட்ஜெட்டுக்குள் எத்தனை கன்வெர்ஷன் வாங்க முடியுமோ அத்தனையும் வாங்கு என்பதுதான் அதற்குக் கிடைத்த உத்தரவு. படிவம் அனுப்பும் ஒருவரைப் பிடிப்பது கடினம், விலையும் அதிகம். தொடர்புப் பக்கத்தைத் திறக்கிற ஆள் சுலபமாகக் கிடைக்கிறார், மலிவாகவும் கிடைக்கிறார். இரண்டுக்கும் ஒரே மதிப்பு என்று நாமே சொல்லிவிட்ட பிறகு, அது மலிவானதைத்தான் தேடிப் போகும். அதன் மேல் தப்பு சொல்ல முடியாது.

யார் அந்த மலிவான ஆட்கள்? தேடல் சொற்களின் பட்டியலில் இருந்தார்கள். “பழைய நாற்காலி விற்க”, “நாற்காலி பழுது வேலைவாய்ப்பு”, இவர் கடையின் பெயரையே தட்டி முகவரி தேடிய பழைய வாடிக்கையாளர்கள். இவர்கள் எல்லோரும் செய்யும் முதல் காரியம் தொடர்புப் பக்கத்தைத் திறப்பதுதான். விற்க வந்தவர் ‘இங்கே பழையது வாங்குவார்களா’ என்று பார்க்கிறார், இல்லை என்றதும் போய்விடுகிறார். இயந்திரத்தின் கணக்கில் அவர் நல்ல வாடிக்கையாளர். அடுத்த மாதம் அவரைப் போன்ற இன்னும் பத்துப் பேரைக் கூட்டி வருகிறது.

செலவு ஏறியதற்கும் இதுவே காரணம். கன்வெர்ஷன் நன்றாக வருகிறது, பட்ஜெட் போதவில்லை, கூட்டுங்கள் என்று திரையில் பரிந்துரை வந்திருக்கிறது. ஒரு கன்வெர்ஷனுக்கு ஆகும் செலவு வேறு 5-இலிருந்து 1.5-க்குக் கீழே இறங்கியிருக்கிறது. யாராக இருந்தாலும் பட்ஜெட்டைக் கூட்டத்தான் செய்வார்கள். ஆனால் நோட்டை வைத்து வகுத்தால், ஒரு உண்மையான என்கொயரிக்கு முன்பு ஏறக்குறைய 3.2 ஆனது, இப்போது 5.9.

இதில் ஒரு சின்ன அடையாளம் இருக்கிறது. ஒரு கிளிக்கின் சராசரி விலை 0.25-இலிருந்து 0.18-க்கு இறங்கியிருக்கிறது. போட்டி குறைந்ததால் விலை குறைந்தது என்று நம்ப ஆசையாக இருக்கும். பெரும்பாலும் அப்படி இல்லை. பழுது பார்க்க ஆள் தேடுகிறவருடைய கிளிக்கை வாங்கப் பலர் போட்டி போடுவார்கள், அதனால் விலை அதிகம். பழையதை விற்க வந்தவருக்காக யாரும் போட்டி போடுவதில்லை. கிளிக் மலிந்து, கன்வெர்ஷன் குவிந்து, நோட்டு மட்டும் அப்படியே இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

என் கதை இதைவிடக் கேவலம். வேறொரு வாடிக்கையாளருக்காக, படிவத்தில் உள்ள ‘அனுப்பு’ பொத்தானை அழுத்துவதைக் கன்வெர்ஷனாக வைத்திருந்தேன். அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கவில்லை, அழுத்தினாலே போதும். அப்புறம் ஒரு நாள் படிவத்தில் ஏதோ மாற்றம் செய்தார்கள். கைபேசியில் திறந்தால் தொலைபேசி எண்ணை ஏற்காமல் பிழை காட்ட ஆரம்பித்தது. வந்தவர்கள் அழுத்தினார்கள், போகவில்லை, மறுபடி அழுத்தினார்கள். ஒருவரே நான்கு ஐந்து முறை. ஒவ்வொரு அழுத்தலும் ஒரு கன்வெர்ஷன். கைபேசியில் தங்கம் கொட்டுகிறது என்று இயந்திரம் நினைத்தது, பணத்தை அந்தப் பக்கம் திருப்பியது. படிவம் எங்கே உடைந்திருந்ததோ சரியாக அங்கே ஆட்களைக் கொண்டுபோய்க் கொட்டினோம். கன்வெர்ஷன் ஏறும் வரைபடத்தை நான் அறிக்கையில் முதல் பக்கத்தில் போட்டு அனுப்பினேன். “நல்லா இருக்கு, ஆனா ஆள் எங்கே?” என்று ஒரே வரியில் பதில் வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் முகம் சூடாகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படித் திருத்துவது

கூகுள் ஆட்ஸில் Goals பகுதிக்குப் போய் Conversions, அதில் Summary. எண்ணப்படும் செயல்கள் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே Primary என்றோ Secondary என்றோ எழுதியிருக்கும். Primary என்றால் இயந்திரம் அதைத் துரத்தும். Secondary என்றால் நம் பார்வைக்கு மட்டும், ஏலத்தில் அதற்கு வேலை இல்லை. தொடர்புப் பக்கம் திறப்பது, எண்ணைத் தொடுவது, பக்கத்தில் நேரம் செலவிடுவது, இவை எல்லாம் Secondary-இல் இருக்க வேண்டியவை. எண்ணைத் தொட்டவர் எல்லாம் பேசிவிடுவதில்லை. இவருடைய கணக்கில் தொட்டவர் 14, நோட்டில் தொலைபேசி அழைப்பு 11.

அழிக்க வேண்டாம், மாற்றினால் போதும். படிவம் அனுப்புவது முதலிலிருந்தே தனியாகப் பதிவாகி வந்திருப்பதால், அந்தப் பழைய வரலாறு இயந்திரத்துக்குக் கிடைக்கும்.

அதே இடத்தில் Count என்று ஓர் அமைப்பு இருக்கிறது. Every என்றிருந்தால் ஒரே ஆள் மூன்று முறை அனுப்பினால் மூன்று. One என்றிருந்தால் ஒரு கிளிக்குக்கு ஒன்றுதான். பொருள் விற்பவருக்கு முதலாவது சரி, என்கொயரி எதிர்பார்க்கிறவருக்கு இரண்டாவது.

பிறகு கையால் சோதிக்க வேண்டும். தளத்திலிருந்து கன்வெர்ஷன் செய்தி எப்போது பாய்கிறது என்று காட்டும் கூகுளின் Tag Assistant-ஐத் திறந்து வைத்துக்கொண்டு, தளத்தின் முகவரியை நேராகத் தட்டி உள்ளே போங்கள். சொந்த விளம்பரத்தைக் கிளிக் செய்து போக வேண்டாம். படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டு வெளியே வாருங்கள், கன்வெர்ஷன் பாயக் கூடாது. தப்பான எண் போட்டு அனுப்பிப் பாருங்கள், அப்போதும் பாயக் கூடாது. ஒழுங்காக அனுப்பினால் ஒரே ஒரு முறை பாய வேண்டும். இதைக் கணினியில் மட்டும் செய்துவிட்டு நிறுத்தாதீர்கள், கைபேசியிலும் செய்யுங்கள். நான் செய்யாமல் விட்டது அதைத்தான்.

இன்னும் ஒரு படி போக முடிந்தால் நல்லது. விளம்பரம் வழியாக வருகிறவர் திறக்கும் பக்கத்தின் முகவரியில் `gclid` என்று ஒரு குறியீடு ஒட்டிக்கொண்டு வரும். அதைப் படிவத்தில் மறைவான ஒரு கட்டத்தில் சேமிக்கச் சொல்லித் தளம் செய்தவரிடம் கேளுங்கள். எந்த என்கொயரி வேலையாக முடிந்தது என்பதைப் பிறகு அந்தக் குறியீட்டோடு கூகுளுக்குத் திருப்பி ஏற்றலாம். அப்போது நோட்டில் இருப்பதே இயந்திரத்துக்கும் பாடமாகிவிடும்.

விலக்குச் சொற்களை மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாவது

“விற்க”, “வேலைவாய்ப்பு” என்று தேடினால் விளம்பரம் காட்டாதே என்று விலக்கினால் அந்தக் கூட்டம் நிற்கும். இலக்கு தப்பாகவே இருந்தால், தொடர்புப் பக்கம் திறக்கும் வேறொரு கூட்டத்தை இயந்திரம் கண்டுபிடித்துவிடும். சிலர் மாதக் கணக்கில் சொற்களைச் சேர்த்துக்கொண்டே இருப்பார்கள். குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற வேலை அது. முதலில் இலக்கு, அப்புறம் சொற்கள்.

பரிந்துரைகளைத் தானாக ஏற்க விட்டுவிடுவது

Auto-apply-ஐ அணைத்துவிடுங்கள்.

இடத்தைக் கவனிக்காதது

உங்கள் பகுதியில் ‘ஆர்வம்’ உள்ளவர் வேறெங்கோ இருந்தாலும் விளம்பரம் போகும்படிதான் அமைப்பு முதலில் இருக்கும். அந்த இட அமைப்பை Presence என்று மாற்றுங்கள், அங்கே இருப்பவருக்கோ வழக்கமாக வருகிறவருக்கோதான் போகும்.

திருத்திய மறுநாளே பயப்படுவது

நாற்காலிக்காரர் இதைச் செய்தார். படிவத்தை மட்டும் Primary-ஆக வைத்து, பட்ஜெட்டைப் பழைய 100-க்கே இறக்கச் சொன்னேன். மறுவாரம் அழைப்பு வந்தது. “சார், கன்வெர்ஷன் விழுந்துடுச்சு, பழையபடி மாத்திடவா?” 96-ஐ எண்ணுவதை நிறுத்தினால் எண் விழத்தானே செய்யும். நோட்டில் அந்த வாரம் எத்தனை என்று கேட்டேன். எண்ணிவிட்டு, “எட்டு” என்றார்.

எட்டு வந்தது நல்ல வாரமா என்று இப்போதே சொல்ல முடியாது. மாதம் முப்பது வருகிற இடத்தில் ஒரு வாரம் ஐந்து வரும், ஒரு வாரம் பத்து வரும். ஏலமுறை புது இலக்குக்குப் பழகவும் கொஞ்ச நாள் ஆகும். நடுவில் பட்ஜெட்டையோ சொற்களையோ மாற்றினால் எதனால் என்ன நடந்தது என்று பிரித்தறிய முடியாமல் போய்விடும். ஒரு மாதம் எதையும் தொடாமல், நோட்டில் வருகிற ஒவ்வொரு அழைப்புக்கும் பக்கத்தில் ‘விளம்பரம் பார்த்தா, தெரிந்தவர் சொல்லியா’ என்று மட்டும் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன். நேற்று அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். பாதிப் பேருக்கு நேரே ‘கேட்க மறந்துட்டேன்’ என்று இருக்கிறது.