கொப்பி மாற்றி வாசித்தல்: கட்டுரை எழுதுவிக்க மூன்று பாடவேளைத் திட்டம்

தரம் 9 வகுப்பில் கட்டுரைக் கொப்பிகளை மாற்றிக் கொடுத்து, "வாசித்துக் கருத்து எழுதுங்கள்" என்று மட்டும் சொன்னால் என்ன கிடைக்கும் என்பது கொழும்பில் தமிழ் படிப்பிக்கிற பலருக்கும் தெரியும். பாதிக் கொப்பிகளில் "நன்று" என்றிருக்கும். மீதியில் ரகர, றகரத்தைச் சுற்றி வட்டம் போட்டிருப்பார்கள். பிள்ளைகளைக் குறைசொல்ல முடியாது. கட்டுரை திருத்துவதென்றால் அதுதான் என்று நாங்களே காட்டி வைத்திருக்கிறோம். புதிதாகத் தமிழ்ப் பாடம் எடுக்க வந்தவர்களுக்காக, நாற்பது நிமிடப் பாடவேளை மூன்றில் முடியக்கூடிய திட்டம் ஒன்றை எழுதுகிறேன்.

முதற் பாடவேளை: எழுதுதல்

தலைப்பு பிள்ளைகள் கண்ணால் கண்டதாக இருக்கட்டும். "மழை நாளில் எங்கள் தெரு" என்று கொடுத்தால் கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கும் வெள்ளவத்தைப் பிள்ளைக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். முதல் பத்து நிமிடம் கண்டது, கேட்டது, அதற்குக் காரணம் ஆகியவற்றைக் குறிப்பாக எழுதச் சொல்லுங்கள். பேச்சுத் தமிழில் இருந்தாலும் தடுக்க வேண்டாம். மிச்ச நேரத்தில் மூன்று பந்தி எழுதட்டும், ஒரு வரி விட்டு ஒரு வரி. அந்த வெற்று வரி பிறகு தேவைப்படும்.

இரண்டாம் பாடவேளை: மாற்றி வாசித்தல்

பாடத்தின் உயிர் இங்கேதான். கொப்பி மாற்றுமுன் நீங்களே எழுதிய சாதாரணமான பந்தி ஒன்றைப் பலகையில் போடுங்கள். மாணவர் ஒருவருடையதை எடுத்தால் அவர் கூசிப்போவார். உதாரணத்துக்கு இது:

"மழை பெய்தால் எங்கள் தெருவில் மிகவும் கஷ்டம். எல்லா இடமும் தண்ணீர் நிற்கும். மக்கள் பல துன்பங்களை அனுபவிக்கிறார்கள். உரியவர்கள் உடனடியாக நடவடிக்கை எடுக்க வேண்டும்."

இதில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. வாசிக்கிறவருக்கு எந்தத் தெருவும் கண்ணில் தெரியவில்லை என்பதுதான் குறை. அதைப் பிள்ளைகள் வாயால் வரவழைக்க, "இதை எழுதினவரிடம் என்ன கேட்பீர்கள்?" என்று கேளுங்கள். தண்ணீர் எதுவரை வரும், யாருக்கு என்ன துன்பம், ஏன் தண்ணீர் ஓடாமல் நிற்கிறது என்று கேள்விகள் வரும். அவற்றைப் பந்திக்குப் பக்கத்தில் எழுதிப் போடுங்கள். இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கலாம்.

பிறகு கொப்பிகளை மாற்றுங்கள். பக்கத்து வாங்குக் கூட்டாளியிடம் போகாமல் வேறு வரிசைக்குப் போகட்டும். பெயரை மறைத்துக் கொடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒரே வகுப்பில் கையெழுத்தைப் பார்த்தே ஆளைப் பிடித்துவிடுவார்கள், வீண்வேலை. வாசிப்பவருக்குக் கையில் பென்சில் மட்டும். செய்ய வேண்டியவை இரண்டு. ஒவ்வொரு பந்தியும் எதைச் சொல்கிறது என்று ஓரத்தில் ஒரு வரி எழுத வேண்டும். பிறகு, தெளிவில்லாத இடத்துக்கு நேரே வெற்று வரியில் ஒரு கேள்வி எழுத வேண்டும். புள்ளி போடக்கூடாது, எழுத்துப்பிழையைத் தொடக்கூடாது.

அந்த ஒரு வரியை எழுத முடியாமல் வாசிப்பவர் திணறினால், பெரும்பாலும் பந்திக்குள் இரண்டு மூன்று விஷயம் கலந்திருக்கும். எழுதியவருக்கு அதைவிடத் தெளிவான செய்தி கிடையாது. வாசிப்பே சிரமமான பிள்ளை என்றால் எழுதியவர் தன் கட்டுரையை வாசித்துக் காட்டட்டும். கேள்வியை வாயால் கேட்டால் போதும்.

நீங்கள் வகுப்பைச் சுற்றி வரும்போது கேள்விகளை மட்டும் பாருங்கள். "இன்னும் விளக்கமாக எழுதலாமா?" என்பது கேள்விக்குறி போட்ட "நன்று"தான். எந்தச் சொல்லைப் பற்றிக் கேட்கிறாய் என்று காட்டச் சொன்னால் பிள்ளையே திருத்திக்கொள்ளும்.

மூன்றாம் பாடவேளை: திருப்பி எழுதுதல்

கொப்பி உரியவரிடம் திரும்பும். எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதத் தேவையில்லை. ஆனால் விட்ட கேள்வியை ஏன் விட்டேன் என்று ஒரு வரி எழுத வேண்டும். இல்லாவிட்டால் பழைய கட்டுரையையே அழகான கையெழுத்தில் பிரதி பண்ணித் தருவார்கள். பலகையில் போட்ட பந்தி, கேள்விகளுக்குப் பிறகு இப்படி மாறலாம்:

"அரை மணித்தியாலம் மழை பெய்தால் எங்கள் ஒழுங்கையில் முழங்கால் வரை தண்ணீர் வந்துவிடும். சந்திக் கடைக்காரர் அரிசி மூட்டைகளை மேசைமேல் தூக்கி வைப்பார். கானுக்குள் பொலித்தீன் பைகள் அடைத்திருப்பதால் தண்ணீர் ஓட வழியில்லை."

"உரியவர்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்ற வரி தானாகவே விழுந்துவிட்டது. கானைத் துப்புரவாக்குவது யார் வேலை என்று அடுத்த பந்தியில் எழுத இப்போது இடமிருக்கிறது.

பேச்சு வழக்கை எழுத்துத் தமிழாக்குவதும் ல, ள, ழ பார்ப்பதும் கடைசிப் பத்து நிமிடத்துக்குரியவை. முதலிலேயே பார்த்தால், பிறகு வெட்டப்போகும் வரியையும் திருத்திக்கொண்டிருக்க நேரும். புள்ளியிடும்போது இரண்டு பிரதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுதியவருக்கு எவ்வளவு மாறியிருக்கிறது என்பதற்கும், வாசித்தவருக்கு அவர் கேட்ட கேள்விக்கும் புள்ளி கொடுங்கள். கேள்விக்குப் புள்ளி இல்லை என்று தெரிந்தால் அடுத்த முறை திரும்பவும் "நன்று" என்றுதான் எழுதுவார்கள்.