பெரியம்மாவின் புதுப் போனில் கூகுள் கணக்கைத் திறப்பது: கேப்ச்சா, கோட், மீட்புத் திரை

கண் பார்வை குறைந்த ஒருவருக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்தால், முதல் நாளே கூகுள் கணக்குக்குள் போக வேண்டி வரும். அதில் மூன்று வகைத் திரைகள் வரும், மூன்றுக்கும் நீங்கள் உதவும் விதம் வேறு. கேப்ச்சா, எதிரில் இருப்பது மனிதனா என்று மட்டுமே பார்க்கிறது. அதை அவருக்காக நீங்களே தீர்த்துக் கொடுக்கலாம், ஒரு பாதகமும் இல்லை. உறுதிப்படுத்தப் போனுக்கு வரும் கோட் என்பது கணக்கின் சாவி. அதை அவரே கேட்டு, அவரே போட வேண்டும். பாஸ்வேர்ட் மறந்தால் வரும் மீட்புத் திரையில் இருப்பது ஒரு தெரிவு. முழுவதையும் வாசித்துக் காட்டி, இருவருமாகப் பேசி முடிவெடுக்க வேண்டும்.

எங்கள் பெரியம்மா களுவாஞ்சிகுடியில் இருக்கிறா. ஒரு கண்ணில் வெண்படலம் எடுத்தாயிற்று, மற்றக் கண்ணில் கண் அழுத்த நோய். பெரிய எழுத்தாக இருந்தால் கிட்டப் பிடித்து வாசிப்பா. மகன் கட்டாரில். கல்முனையில் வாங்கிய புதுப் போனில் அவவுடைய கணக்கைத் திறந்ததை வைத்தே ஒவ்வொரு படியையும் சொல்கிறேன்.

படி 1: பழைய போனை அழிக்காதீர்கள், சிம்மையும் கழற்றாதீர்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். பழைய போனில் கணக்கு ஏற்கெனவே திறந்திருக்கிறது. கூகுளுக்கு அது பழக்கமான கருவி. வழக்கமாகப் பாவிக்கும் அதே போன், அதே வீடு, அதே வைஃபை என்றால் அடையாளம் உறுதிப்படுவது எளிது. கடைக்காரர் "பழசை அழித்துத் தரட்டுமா" என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். கணக்கைக் கடையில் வைத்துத் திறக்கவும் விடாதீர்கள், வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

சிம் பழைய போனிலேயே இருக்கட்டும். புதுப் போன் அமைப்புத் திரையில் நிற்கும்போது அதற்குள் வரும் மெசேஜை எடுத்துப் பார்ப்பது சிரமம். பழையதில் கோட் வந்தால் பார்த்துப் புதியதில் போடலாம். இரண்டையும் சார்ஜ் போட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரு கொப்பியும் தடித்த கறுப்பு மார்க்கரும் வேண்டும். ஜன்னல் வெளிச்சம் திரையில் பட்டுத் தெறிக்காத இடமாகப் பார்த்து உட்காருங்கள்.

படி 2: கணக்குக்குப் போக முன் எழுத்தைப் பெரிதாக்குங்கள்

புதுப் போனின் முதல் வரவேற்புத் திரையிலேயே பார்வைக்கான அமைப்புகள் இருக்கும். சில போன்களில் `Vision settings`, சிலவற்றில் `Accessibility` என்று எழுதியிருக்கும். எழுத்தளவையும் திரையளவையும் அங்கேயே கூட்டி விடுங்கள். எழுத்து பெரிதானால் `Next` பொத்தான் திரைக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். பொத்தானைக் காணவில்லை என்றால் திரையை மேலே தள்ளிப் பாருங்கள்.

திரையே தெரியாதவராக இருந்தால், திரையில் உள்ளதைச் சத்தமாக வாசிக்கும் `TalkBack` தேவை. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் சத்தம் கூட்டும் குறைக்கும் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து மூன்று செக்கன் அழுத்தினால் அது தொடங்கும். அதன்பின் தொடுகை மாறிவிடும். ஒரு முறை தொட்டால் அங்குள்ளதை வாசிக்கும், இரண்டு முறை தட்டினால்தான் பொத்தான் வேலை செய்யும். இது தெரியாமல் போன் பழுதாகிவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. பழக்கமில்லாதவருக்கு இதை இன்றே தொடங்க வேண்டாம். கணக்கு திறந்தபின் ஆறுதலாகப் பழக்கலாம்.

படி 3: பாஸ்வேர்ட்

மின்னஞ்சல் முகவரியைப் பழைய போனின் ஜீமெயிலில் பார்த்து, எழுத்துக்கு எழுத்து சொல்லுங்கள். பாஸ்வேர்ட் போடும் திரையில் `Show password` என்பதைத் தொட்டால் புள்ளிகளுக்குப் பதில் எழுத்துகள் தெரியும். வீட்டில் வேறு ஆட்கள் இல்லாதபோது அதைத் திறந்து வைத்தே போடட்டும். பிழையில் பாதி அங்கேயே குறைந்துவிடும்.

ஞாபகம் இல்லை என்றால் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்காதீர்கள். இரண்டு முறை பிழைத்தால் `Forgot password?` என்பதைத் தொடுங்கள். தொடர்ந்து பிழையாகப் போட்டால் முதலில் கேப்ச்சா வரும், பிறகு சில மணித்தியாலம் கழித்து வரச் சொல்லும்.

படி 4: கேப்ச்சா

கூகுளின் உள்நுழைவில் பெரும்பாலும் நெளிந்த எழுத்துகள் வரும். வேறு தளங்களில் `I'm not a robot` என்ற பெட்டியும், அதைத் தொட்டபின் ஒன்பது கட்டப் படமும் வரலாம். பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு, "என்ன மனே, படம் படமாக் கிடக்கு, ஆரோட படம் இது?" என்று கேட்டா. கண் தெரிந்தாலும் இந்தப் படங்கள் எங்கள் ஊரவருக்குச் சிக்கல்தான். தீயணைப்புக் குழாய் என்று நடைபாதையில் நிற்கும் சிவப்புக் குற்றியை மட்டக்களப்புத் தெருவில் எங்கே காண்பது? `crosswalks` என்று கேட்டால் எங்கள் மஞ்சள் கடவையைத்தான் கேட்கிறது, ஆனால் படத்தில் கோடுகள் வெள்ளையாக இருக்கும்.

பார்வை குறைந்தவர்களுக்கென்று ஹெட்போன் போன்ற சின்னம் ஒன்று உண்டு. அதைத் தொட்டால் ஒலி வரும், கேட்டதைத் தட்டச்சு செய்ய வேண்டும். ஆங்கிலம் பழக்கமான, காது நன்றாகக் கேட்கும் ஒருவருக்கு அது உதவும். அந்த ஒலி இரைச்சலோடு ஆங்கிலத்தில் வருவதால் பெரியம்மாவுக்குப் பயன்படாது. இந்த இடத்தில் தயங்காமல் போனை வாங்கி நீங்களே தீர்த்துக் கொடுங்கள். என்ன செய்கிறீர்கள் என்பதை மட்டும் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.

இரண்டு விசயம் கவனியுங்கள். படம் தெளிவில்லை என்றால் வட்ட அம்புக்குறியைத் தொட்டு வேறு படம் எடுக்கலாம். அது பிழையாகக் கணக்கில் வராது. பெட்டியில் பச்சைச் சரி வந்தபின் அப்படியே விட்டுவிட்டால், சுமார் இரண்டு நிமிடத்தில் அது காலாவதியாகும். ஆகவே படிவத்தின் மற்ற எல்லா இடத்தையும் முதலில் நிரப்பி, பெட்டியைக் கடைசியில் தொடுங்கள். மெதுவாகத் தட்டச்சு செய்பவருக்கு இந்த ஒழுங்கு மிகவும் உதவும்.

படி 5: கோட்

இங்கே போனை அவர் கையில் திருப்பிக் கொடுங்கள். கோட் இரண்டு விதமாக வரும்.

முதலாவது, பழைய போனில் எழும் கேள்வி. நீங்களா உள்நுழைகிறீர்கள் என்று கேட்டு, சில நேரம் மூன்று எண்களைக் காட்டும். புதுப் போனில் தெரியும் எண் எதுவோ அதையே பழையதில் தொட வேண்டும். பார்வை குறைந்தவருக்கு இதுதான் சுகமான வழி, தட்டச்சு இல்லை. "புதுசில 47, பழசில அதைத் தேடுங்க பெரியம்மா" என்றதும் கண்டுபிடித்துவிட்டா. அதே நேரம் ஒன்றைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்: நாங்கள் எதுவும் செய்யாதபோது இந்தக் கேள்வி எழுந்தால், `No, it's not me` என்பதைத்தான் தொட வேண்டும்.

இரண்டாவது, மெசேஜ். கூகுளின் கோட் `G-` என்று தொடங்கி ஆறு இலக்கமாக வரும். `G-` திரையில் ஏற்கெனவே இருக்கும், இலக்கங்கள் மட்டும் போதும். அவரே வாசித்து மார்க்கரால் கொப்பியில் மூன்று மூன்றாகப் பெரிதாக எழுதட்டும், பிறகு அதைப் பார்த்துப் போடட்டும். மெசேஜ் வரவில்லை என்றால் உடனே மறுபடி அனுப்பச் சொல்லாதீர்கள். இரண்டு மூன்று கோட் ஒன்றாக வந்து சேர்ந்தால் எது புதிது என்று குழம்பிவிடும். சிக்னல் குறைவென்றால் போனை விறாந்தைக்குக் கொண்டு போய்ப் பாருங்கள். பல வந்துவிட்டால் நேரத்தைப் பார்த்துக் கடைசியாக வந்ததையே போடுங்கள். கோல் மூலம் பெறும் தெரிவு திரையில் இருந்தால், கண் தெரியாதவருக்கு அதுவே நல்லது. ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கலாம்.

மகன் கட்டாரிலிருந்து எடுத்து "கோடைச் சொல்லுங்கம்மா" என்று கேட்டாலும் சொல்லாத பழக்கம் வர வேண்டும். மகன் மேல் சந்தேகத்தால் இல்லை. மகன் மாதிரி எழுதும் வேறொருவன் வாட்ஸ்அப்பில் இதே வசனத்தைத்தான் அனுப்புவான். வாட்ஸ்அப்பின் ஆறு இலக்கக் கோடை இப்படி வாங்கித்தான் கணக்கைப் பறிக்கிறார்கள்.

படி 6: மீட்புத் திரை

பாஸ்வேர்ட் மறந்துபோன பெரியம்மாவுக்கு இந்தத் திரை வந்தது. கூகுள் ஒரு தொலைபேசி இலக்கத்தை மறைத்து, கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் காட்டியது: 36. `Send` என்பதைத் தொட முன் நிறுத்தி, "36 ஆருடைய நம்பர்?" என்று கேட்டேன். அது மகன் ஊரில் இருந்தபோது பாவித்த சிம். அதற்கு அனுப்பினால் கோட் யார் கையிலும் கிடைக்காது.

இப்படி வந்தால் `Try another way` என்பதைத் தொடுங்கள். அடுத்த தெரிவு வரும்: பழைய போனில் உறுதி செய்வது, வேறு மின்னஞ்சல், ஞாபகத்தில் இருக்கும் கடைசிப் பாஸ்வேர்ட். ஒவ்வொன்றையும் சத்தமாக வாசித்துக் காட்டிய பிறகே தொடுங்கள். பின்னால் போகும் அம்புக்குறியை மட்டும் தொட வேண்டாம், முதலிலிருந்து தொடங்க நேரும். கடைசிப் பாஸ்வேர்ட் கேட்டால், நிச்சயம் இல்லாவிட்டாலும் கிட்டத்தட்டத் தெரிந்ததைப் போடுங்கள். பிழையான ஊகத்துக்காக மீட்பிலிருந்து வெளியே தள்ளமாட்டோம் என்று கூகுளே சொல்கிறது. பெரியம்மாவுக்குப் பழைய போனில் உறுதி செய்யும் தெரிவு வந்தது. அதில் கணக்கு திறந்தது.

உறுதிப்படுத்த முடியவில்லை என்று திரை சொன்னால் அன்றைக்கு நிறுத்துங்கள். மறுநாள் பழைய போனிலேயே, வீட்டு வைஃபையில், `g.co/recover` என்ற முகவரியில் தொடங்குங்கள். சில வேளை கூகுள் சில மணித்தியாலமோ சில நாளோ காத்திருக்கச் சொல்லும். அது பாதுகாப்புக்கான தாமதம்தான். காசு தந்தால் கணக்கை மீட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். கோடையும் பாஸ்வேர்டையும் கொடுக்காமல் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

சிம் தொலைந்திருந்தால் அதே இலக்கத்தை நிறுவனத்தின் கிளையில் திரும்ப எடுக்கலாம். ஆனால் அது யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர்தான் அடையாள அட்டையோடு போக வேண்டும். எங்கள் பக்கம் முதியவர்களின் சிம் மகன், மருமகன் பெயரில் இருப்பது வழமை. அவர் வெளிநாட்டில் என்றால் சிக்கல். அவர் லீவில் வரும்போது பெயரை மாற்றி வைத்துவிடுங்கள்.

படி 7: திறந்தபின் செய்ய வேண்டியது

கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் மீட்பு இலக்கத்தை இப்போது பாவிக்கும் சிம்முக்கு மாற்றுங்கள். மாற்றிய பின்னும் ஏழு நாள்வரை பழைய இலக்கத்துக்குக் கோட் அனுப்பும் தெரிவு வரலாம். அதே பகுதியில் `Recovery contacts` இருந்தால் மகனையும் உங்களையும் சேருங்கள். அடுத்த முறை பெரியம்மாவின் திரையில் வரும் இலக்கத்தைக் கேட்டு, மகன் தன் போனில் அதையே தெரிவு செய்து உறுதிப்படுத்தலாம். பாஸ்வேர்ட் அவருக்குத் தெரியத் தேவையில்லை.

இரண்டு படி உறுதிப்படுத்தல் வைத்திருந்தால் `Backup codes` எடுங்கள். பத்துக் கோட், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒன்றை ஒரு தடவைதான் பாவிக்கலாம். மார்க்கரால் ஒரு தாளுக்கு இரண்டாகப் பெரிதாக எழுதி, அடையாள அட்டை வைக்கும் இடத்தில் வையுங்கள். பாவித்ததை உடனே வெட்டிவிடுங்கள்.

சிம்மைப் புதுப் போனுக்கு மாற்றுவதும், வாட்ஸ்அப்பைத் திறப்பதும் கடைசியில். வாட்ஸ்அப் புதியதில் திறந்ததும் பழையதில் மூடிக்கொள்ளும், ஆகவே அதற்கு முன் பழையதில் ஒரு பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய போனை இரண்டு கிழமைக்காவது சார்ஜோடு, வைஃபையில் வைத்திருங்கள். புதியது ஏதாவது காரணத்தால் கணக்கை விட்டு வெளியேறினால், திரும்ப உள்ளே போகும் வழி அதில்தான் இருக்கிறது.