கடன் பத்திரத்தின் விலை ஏன் இறங்கியது: அண்ணாவுக்கு ஒரு கடிதம், தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

பெரியப்பாவின் ஓய்வுக்கால வருமானத்துக்காக நீங்கள் 100 கொடுத்து வாங்கிய கடன் பத்திரம் இப்போது 93 என்று காட்டுகிறதே, வட்டி ஏறினால் பத்திரக்காரருக்கு நன்மைதானே வர வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். இந்தக் குழப்பத்தில் நானும் வகுப்பில் பல நாள் இருந்தேன் என்பதால், எங்கெங்கே தவறினேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் தவறு, ஏறியது நம் பத்திரத்தின் வட்டி என்று நினைப்பது. உங்கள் பத்திரத்தின் முகமதிப்பு 100, ஆண்டு வட்டி 6 சதவீதம், முதிர்வுக்கு இன்னும் 10 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 6, பத்தாம் ஆண்டின் முடிவில் வட்டியோடு 100 என்பது வெளியிட்டவர் எழுத்தில் கொடுத்த வாக்கு. சந்தையில் என்ன நடந்தாலும் அது கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. மாறியது வெளியே உள்ள நிலவரம். அதே அளவு நம்பகமான வேறொருவர் இன்று 10 ஆண்டுப் பத்திரத்தை 7 சதவீத வட்டியில் வெளியிடுகிறார் என்றால், ஆண்டுக்கு 6 தரும் உங்கள் பத்திரத்தை யாரும் 100 கொடுத்து வாங்கமாட்டார்கள். வட்டித்தொகையை மாற்ற வழியில்லாததால், மாறக்கூடிய ஒரே எண்ணாகிய விலை இறங்கிக் கொடுக்கிறது. (சந்தை விகிதத்தைப் பின்பற்றி வட்டி மாறிக்கொண்டே இருக்கும் மிதவை வட்டிப் பத்திரங்களும் உண்டு. அவற்றின் வட்டித்தொகையே சரிசெய்துகொள்வதால் விலை அதிகம் அசைவதில்லை. நான் இங்கே எழுதுவது நிலையான வட்டிப் பத்திரத்தைப் பற்றி மட்டும்.)

எவ்வளவு இறங்கும் என்ற கேள்வியில்தான் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள். தேர்வு ஒன்றில் நான் எழுதிய விடை 85.71. புதிதாக வாங்குபவருக்கு 7 சதவீதம் கிடைக்க வேண்டும், பத்திரம் தருவது 6, ஆகவே 6 ஐ 0.07 ஆல் வகுத்தால் விலை வந்துவிடும் என்று எண்ணினேன். அந்த விலையில் வாங்குபவர் ஆண்டுதோறும் 7 சதவீத வட்டியைப் பெறுவதோடு, 85.71 கொடுத்த இடத்தில் முதிர்வின்போது முழு 100 ஐயும் பெறுவார் என்பதை நான் மறந்துவிட்டேன். அந்த இலாபத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவருக்குக் கிடைக்கும் ஆண்டு வருவாய் 8 சதவீதத்துக்கும் சற்று மேலே போய்விடுகிறது. முதிர்வே இல்லாமல் என்றென்றும் வட்டி மட்டும் தரும் பத்திரமாக இருந்தால் என் விடை சரியாக இருந்திருக்கும்.

பக்கத்தில் இருந்த நண்பன் எழுதிய விடை 90. ஆண்டுக்கு 1 குறைகிறது, 10 ஆண்டுகளுக்கு 10 குறைகிறது என்பது அவன் வாதம். இது உண்மைக்கு மிக அருகில் வந்து, கடைசிப் படியில் தவறுகிறது. அந்த 10 ஐயும் இன்றே இழப்பதில்லையே. ஒவ்வொரு ஆண்டின் முடிவிலும் 1 வீதம் இழக்கிறோம். ஓராண்டு கழித்து வர வேண்டிய 1 க்கு, 7 சதவீத உலகில், இன்றைய மதிப்பு 1 ஐ 1.07 ஆல் வகுத்தால் வரும் 0.93, பத்தாம் ஆண்டில் வர வேண்டிய 1 க்கோ இன்றைய மதிப்பு 0.51 தான். இவ்வாறு பத்து ஆண்டுக் குறையையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டினால் 7.02 வருகிறது. ஆகவே சரியான விலை 92.98. நீங்கள் பார்த்த 93 என்பது இதுதான். விலை இறக்கம் என்பது, பெற்றிருக்கக்கூடிய வட்டிக்கும் பெறப்போகும் வட்டிக்கும் உள்ள வேறுபாட்டின் இன்றைய மதிப்பு. எனக்கு இந்த ஒரு வாக்கியம் புரிந்த அன்றுதான் பாடமே புரிந்தது.

முதிர்வு தொலைவில் இருக்க இருக்க இறக்கம் ஏன் பெரிதாகிறது என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. 2 ஆண்டுகளே மீதமிருந்தால் இரண்டு முறைதான் 1 குறையும், விலை 98.19 இல் நிற்கும். 30 ஆண்டுகள் என்றால் 87.59 வரை போகும். ஆனால் காலம் மூன்று மடங்கானால் இறக்கமும் மூன்று மடங்காகும் என்று கொள்ளக்கூடாது, ஏனெனில் தொலைதூர ஆண்டுகளின் குறைகள் இன்றைய மதிப்பில் மிகச் சிறியவை.

அடுத்து, "முதிர்வு வரை வைத்திருந்தால் நஷ்டமே இல்லை" என்று உங்களிடம் யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். வெளியிட்டவர் வாக்குத் தவறாதவரை 100 முழுதாகக் கைக்கு வரும் என்பது உண்மை. ஆனால் அதே பணம் வேறிடத்தில் ஆண்டுக்கு 7 தந்திருக்கும். நீங்கள் பத்து ஆண்டுகள் 6 பெறுகிறீர்கள். அந்த 7.02 இழப்பு மறையவில்லை, ஆண்டுக்கு 1 ஆகப் பரவிக் கிடக்கிறது. மேலும், வைத்திருக்க முடியும் என்ற உறுதி எல்லோருக்கும் இருப்பதில்லை. அமெரிக்காவின் சிலிக்கன் வேலி வங்கி குறைந்த வட்டிக் காலத்தில் நீண்டகாலப் பத்திரங்களை வாங்கிக் குவித்திருந்தது. வட்டி ஏறி, வைப்பாளர்கள் பணத்தை எடுக்கத் தொடங்கியதும், 2023 மார்ச்சில் ஏறத்தாழ 2,100 கோடி டாலர் மதிப்புள்ள பத்திரங்களை விற்று, சுமார் 180 கோடி டாலர் இழப்பை ஏற்க நேர்ந்தது. அந்த இழப்பு வெளியே தெரிந்த மறுநாளே வைப்பாளர்கள் திரண்டு பணம் கேட்க, அதற்கடுத்த நாள் வங்கி மூடப்பட்டது.

இறுதியாக உங்கள் கேள்வி: இதை விற்றுவிட்டு 7 சதவீதப் பத்திரத்தை வாங்கலாமா? இது தானாகவே இலாபம் என்று நினைப்பதும் ஒரு தவறுதான். விற்றால் கையில் வருவது 92.98. அதற்கு 7 சதவீத வட்டி ஆண்டுக்கு 6.51, முதிர்வில் திரும்பி வருவது 92.98. வைத்திருந்தால் ஆண்டுக்கு 6, முதிர்வில் 100. மாறிக்கொண்டால் ஆண்டுதோறும் 0.51 அதிகம் வரும், கடைசியில் 7.02 குறையும். அந்த 0.51 ஐப் பத்து ஆண்டுகள் 7 சதவீதத்தில் போட்டுச் சேர்த்தால் எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன்; தசமங்களைச் சுருக்காமல் எடுத்தால் சரியாக 7.02 தான் வருகிறது. புதிய விகிதத்துக்கு ஏற்பவே விலை இறங்கியிருக்கிறது என்பதால், இரண்டு வழிகளும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. தரகுக் கட்டணத்தையும் சேர்த்தால் விற்று வாங்குவது சற்று நஷ்டம். வரிக் கணக்கு உங்களுக்கு எப்படி அமையும் என்பதைத் தணிக்கையாளரிடம் கேளுங்கள். பெரியப்பாவுக்கு இடையில் பணம் தேவைப்படுமா, வெளியிட்டவர்மீது நம்பிக்கை குறைந்திருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்து முடிவெடுங்கள்; திரையில் தெரியும் 93 ஐ மட்டும் பார்த்து விற்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் தம்பி