பின்னணியை நீக்கிய படத்தைப் பிறகும் திருத்தும்படி சேமிப்பது எப்படி?

வெள்ளைப் பின்னணிக்காக ஒருவரின் படத்தை வெட்டிக் கொடுத்திருந்தேன். சில மாதம் கழித்து அதே படத்தைக் கருநீலத்தில் கேட்டார்கள். வைத்துப் பார்த்தால் தலைமுடி ஓரம் முழுக்க வெள்ளைக் கோடு. முடி நுனிகளை மீட்கலாம் என்றால், அவை கோப்பிலேயே இல்லை. அழிப்பானால் அழித்தது அழிந்ததுதான். அன்று முதல் பின்னணி நீக்க மாஸ்க் மட்டும்தான்.

நான் பயன்படுத்துவது கிம்ப். ஆளைச் சுற்றி செலக்ட் செய்து முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. `Layer > Mask > Add Layer Mask` போய், `Selection` தேர்ந்தெடுத்து `Add` அழுத்துங்கள். பின்னணி மறையும், ஆனால் அழியாது. மாஸ்க்கில் கறுப்பு உள்ள இடம் மறைந்திருக்கும், வெள்ளை உள்ள இடம் தெரியும். பிறகு `Ctrl+Shift+A` அழுத்தி செலக்‌ஷனை நீக்கிவிடுங்கள்; இல்லாவிட்டால் அடுத்த படிகளில் நிரப்புவதும் பூசுவதும் அதற்குள் மட்டும்தான் விழும்.

2. லேயருக்குக் கீழே புதிய லேயர் ஒன்றைப் போட்டு, கருநீலம் நிரப்புங்கள். வெள்ளையில் தெரியாத குறையெல்லாம் இதில் தெரிந்துவிடும்.

3. மாஸ்க்கின் சின்னப் படத்தைச் சொடுக்கி, மென்மையான சிறு தூரிகையில் வெள்ளை எடுத்து முடியோரம் பூசுங்கள். போன நுனிகள் திரும்ப வரும். அதிகமாக வந்தால் கறுப்பு பூசி மறைக்கலாம்.

4. `Ctrl+S` அழுத்தி `.xcf` கோப்பாகச் சேமியுங்கள். அப்புறம் `File > Export As` வழியாக பிஎன்ஜி எடுங்கள்.

நான்காவது படியில்தான் இன்னொரு முறை ஒரு நாள் வேலை போனது. பிஎன்ஜி எடுத்துவிட்டு கிம்ப்பை மூடினேன். சேமிக்காத மாற்றங்கள் இருக்கின்றன என்று கேட்டது. பிஎன்ஜிதான் கையில் இருக்கிறதே என்று `Discard Changes` அழுத்தினேன். பிஎன்ஜியில் ஒளிபுகும் தன்மை இருக்கலாம், மாஸ்க் இருக்காது. செய்தவற்றைப் பின்வாங்கும் பட்டியலும் கோப்பை மூடினால் போய்விடும். அதனால் எக்ஸ்சிஎஃப் கோப்பை ஒரு தடவை மூடித் திறந்து, லேயர் வரிசையில் சின்னப் படம் இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுதான் இருந்தால் மாஸ்க் இல்லை. `Apply Layer Mask` தெரியாமல் அழுத்தியிருந்தாலும் இப்படித்தான் ஆகும்.

சரி, லேயர்களை எப்போது ஒன்றாக்கலாம்? எக்ஸ்சிஎஃப் பத்திரமாக இருந்து, பின்னணி நிறமும் முடிவாகிவிட்டால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் முதலில் `Ctrl+D` அழுத்தி நகல் எடுத்து, அந்த நகலில் மட்டும் `Image > Flatten Image` கொடுங்கள். மூலத்தில் ஒன்றாக்கிவிட்டுப் பழக்கத்தில் `Ctrl+S` அழுத்தினால் மாஸ்க் போச்சு. உண்மையில் ஜேபெக் எடுக்க இது தேவையே இல்லை. எக்ஸ்போர்ட் தானே லேயர்களைச் சேர்த்து எழுதும், திறந்திருக்கும் கோப்பைத் தொடாது.

பின்சேர்க்கை: வெள்ளை பூசினால் முகத்தின் மேலேயே வெள்ளை விழுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். மாஸ்க்குக்குப் பதில் படம் தேர்வாகியிருக்கிறது. எந்தச் சின்னப் படத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டம் இருக்கிறதோ, பூச்சு அதில்தான் விழும்.