சிலிண்டர் பட்டையில் உள்ள தேதியைப் படிக்கும்போது செய்யும் தவறுகள்

எங்கள் குடோனுக்குப் புதிதாக வந்த பையன் போன வாரம் ஒரு சிலிண்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டே, "இந்த வருசம்தாண்ணே போட்டிருக்கு, ஓகே" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பல வருடம் முன்பு இதே வார்த்தையைச் சொல்லித்தான் நானும் மாட்டினேன்.

14.2 கிலோ வீட்டு சிலிண்டரின் மேலே, கைப்பிடி வளையத்தைத் தாங்கி மூன்று இரும்புப் பட்டைகள் நிற்கும். அவற்றில் ஒன்றின் உள்பக்கம், வால்வைப் பார்த்தபடி, ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் பெயின்ட்டில் இருக்கும். உதாரணத்துக்கு `B-27`. அந்த சிலிண்டரை அடுத்த சோதனைக்கு அனுப்பவேண்டிய கெடு அது. A என்றால் மார்ச் முடிய, B ஜூன் முடிய, C செப்டம்பர் முடிய, D டிசம்பர் முடிய. `B-27` என்றால் 2027 ஜூன் 30 வரை.

கேஸ் கெட்டுப்போகும் தேதி என்று நினைப்பது

கேஸ் கெடாது. கெடு இரும்புக்குத்தான்.

வருடத்தை மட்டும் பார்ப்பது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இதுதான். அது 2022 அக்டோபர். காலையில் லோடு ஏற்றும்போது பட்டையில் 22 என்று கண்ணில் பட்டது, நடப்பு வருடம்தானே என்று ஏற்றிவிட்டேன். முன்னால் இருந்த A-வை நான் பார்க்கவே இல்லை. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. காலி எடையும் கேஸும் சேர்ந்தால் முப்பது கிலோ. தோளில் சுமந்து ஏறி வாசலில் இறக்கினேன். வீட்டுக்காரப் பெரியவர் டார்ச்சை எடுத்துவந்து பட்டையின் உள்ளே அடித்துப் பார்த்தார். "தம்பி, இது மார்ச்சோட முடிஞ்சுபோச்சே, ஆறு மாசம் தாண்டிருச்சு" என்றார். அவர் சொன்னது சரிதான். மறுபடி தோளில் ஏற்றி, கீழே இறங்கி, வண்டியில் தேடினால் இன்னும் நாலு `A-22` உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்கு ஐந்து வீட்டுக்கு இரண்டாவது நடை போனேன். அந்த நடைக்கான பெட்ரோல் என் கைக்காசு. கெடு தாண்டியதை குடோனிலேயே ஒதுக்கியிருக்க வேண்டியது ஏஜென்சி வேலை என்று முணுமுணுத்தேன். ஆனாலும் ஏற்றியது என் கைதான்.

அதற்குப்பிறகு ஒரு வரிசை வைத்துக்கொண்டேன். முதலில் இலக்கத்தைப் பார். நடப்பு வருடத்துக்கு மேல் இருந்தால் எழுத்தைப் பார்க்கவே வேண்டாம், ஏற்று. கீழே இருந்தால் ஒதுக்கு. நடப்பு வருடமே என்றால்தான் எழுத்துக்கு வேலை. அப்போது அந்த எழுத்தின் கடைசி மாதம் தாண்டிவிட்டதா என்று பார். ஜனவரியிலிருந்து மார்ச் வரை இந்தத் தொல்லையே இல்லை, நடப்பு வருடத்து நாலு எழுத்துமே செல்லும். வருடம் போகப்போகத்தான் ஆபத்து கூடும். அக்டோபரில் D ஒன்றுதான் மிஞ்சும்.

இதற்கு நேரெதிர்க் கூத்தும் உண்டு. டிசம்பர் 2026-ல் `A-27` வந்தால், "A ரொம்ப முன்னாடி எழுத்தாச்சே" என்று சிலர் ஒதுக்கிவைப்பார்கள். அதற்கு இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் கெடு இருக்கிறது.

கெடு கிட்டத்தில் உள்ளதை யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்காமல் இருப்பது

செப்டம்பர் 10-ம் தேதி, அதே வருடத்து C கொடுத்தால் தப்பில்லை, கெடு மாத முடிவு வரை ஓடும். ஆனால் இரண்டு சிலிண்டர் வைத்திருக்கும் வீட்டில் அது மூலையில் சும்மா நின்று தேதியைத் தாண்டிவிடும், பிறகு போன் நமக்குத்தான். இப்படிப்பட்டதை, உடனே மாட்டி மாத முடிவுக்குள் எரித்துத் தீர்க்கும் பெரிய குடும்பத்துக்குக் கொடு.

பஞ்ச் அடித்ததையும் பெயின்ட்டையும் குழப்புவது

பட்டையில் தயாரிப்பாளர் விவரம், வரிசை எண், சோதனை நடந்த தேதி என்று பஞ்சில் அடித்த எழுத்துகளும் இருக்கும். சோதனை நடந்த தேதி போன காலம், பெயின்ட்டில் இருப்பது வருங்காலம். புது சிலிண்டருக்கு முதல் சோதனை 10 வருடத்தில், அதற்குப்பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை. ஆகவே பஞ்சில் பழைய வருடத்தைப் பார்த்து பதறுவது வீண். வீட்டுக்காரர் அதைக் காட்டிச் சண்டைக்கு வந்தால், பட்டையின் உள்பக்கம் விரலை வைத்துக் காட்டு, அடங்கிவிடுவார்.

காலி எடையைத் தேதி என்று படிப்பது

`15.8` என்று புள்ளி இருந்தால் அது எடை.

மங்கிய எழுத்தை யூகிப்பது

B-யின் நடுக்கோடு உரிந்தால் D மாதிரி தெரியும். ஜூனுக்கும் டிசம்பருக்கும் நடுவே ஆறு மாதம் போய்விடும். 3-ம் 8-ம் அப்படித்தான். விரலால் துடைத்துப் பார்த்தும் புரியவில்லையென்றால் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு, பிளான்ட்டுக்குத் திரும்பும் வரிசையில் தனியாக நிறுத்திவிடு.