70 சதவீதம் சரி, எதில் 70?

வீட்டு பேட்டரி வாங்குகிறவர்கள் வாரண்டி தாளில் ‘10 ஆண்டு, 70 சதவீதம்’ என்ற வரியைப் பார்த்ததும் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். பத்தாண்டு வரை கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்ற உறுதி அது. பேட்டரிகளைப் பொருத்தித் தருகிற எனக்கு, அடுத்த சண்டை எங்கே தொடங்கும் என்று அப்போதே தெரிந்துவிடும்.

இன்வெர்ட்டர் காட்டும் எண்ணை நம்பிச் சண்டைக்குப் போவது

ஒருவருடைய பேட்டரியின் மேல் 10 யூனிட் என்று அச்சிட்டிருந்தது. ஆறாவது ஆண்டில், முழுதாக ஏற்றிய பிறகும் வீட்டுக்கு 6.1 யூனிட்தான் வந்தது. 61 சதவீதம், எல்லைக்குக் கீழே போய்விட்டது என்று கொதித்துப்போய்ப் புதிய பேட்டரி கேட்டார்.

தாளில் இருந்ததோ வேறு. 70 சதவீதம் என்பது மேலே அச்சிட்ட 10 யூனிட்டில் அல்ல. பயன்படுத்தத்தக்க கொள்ளளவான 9 யூனிட்டில். அப்படியானால் எல்லை 6.3. அந்த அளவையும் 25 டிகிரி வெப்பநிலையில், மெதுவான சீரான மின்னோட்டத்தில், பேட்டரியின் முனைகளிலேயே எடுக்க வேண்டும். அவர் பார்த்ததோ இன்வெர்ட்டரைக் கடந்து வந்த மின்சாரம். பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக அது மாற்றும்போது ஏறக்குறைய 0.4 யூனிட் இழப்பு. மின்தடைக்கென அவரே அமைப்பில் ஒதுக்கி வைத்திருந்த 5 சதவீதம் இன்னொரு 0.3. முறைப்படி சோதித்தபோது 6.8 யூனிட் வந்தது, அதாவது 75 சதவீதத்துக்குச் சற்று மேல். கோரிக்கை தள்ளுபடி, சோதனைச் செலவும் அவர் தலையில்.

இதில் எனக்கு இன்னும் எரிச்சல் தருவது, பேட்டரி புதிதாக இருந்தபோது யாரும் ஓர் அளவும் எடுத்து வைக்காததுதான். முதல் மாதமே முழுதாக ஏற்றி, ஒதுக்கீட்டை நீக்கி, மிதமான வெப்பநிலையில் சிறிய நிலையான சுமையோடு தானாக நிற்கும்வரை இறக்கிப் பாருங்கள். வந்த யூனிட்டைத் தேதியோடு குறித்து வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதே முறையில் செய்தால், மாற்று இழப்பு இரண்டு அளவிலும் இருப்பதால் ஒப்பீட்டில் பெரும்பாலும் அடிபட்டுவிடும். இது சோதனைக்கூட முடிவுக்கு ஈடாகாது. ஆனாலும் கோரிக்கை வைக்கலாமா, காத்திருக்கலாமா என்பதைச் சொல்லும்.

எல்லைக்குக் கீழே போனால் புதியது கிடைக்கும் என்று நினைப்பது

பல வாரண்டிகள் எல்லைக்கு மேல் திரும்பக் கொண்டுவருவதாக மட்டுமே சொல்கின்றன. பழுதுபார்த்த பேட்டரி வரலாம். கழிந்த ஆண்டுகளைக் கணக்கிட்டுத் தொகையில் ஒரு பங்கு மட்டும் வரலாம்.

முதல் நாள் கொள்ளளவை வைத்துத் திட்டமிடுவது

இரவுக்கு 8 யூனிட் கட்டாயம் தேவை என்றால் மேலே சொன்ன பேட்டரி போதாது. உற்பத்தியாளர் பத்தாண்டுக்கு உறுதி தருவது 6.3 யூனிட்டுக்குத்தான். அது 6.4-க்கு இறங்கினாலும் தாளின்படி பேட்டரியில் குறையே இல்லை.

ஆண்டுகளை மட்டும் எண்ணுவது

மொத்தம் எத்தனை யூனிட் கடந்து போகலாம் என்ற வரம்பும் இருக்கலாம். எது முதலில் தீர்கிறதோ, அங்கே வாரண்டி முடிந்தது.