முடக்குவாதத்தில் வலி மாத்திரையும் மெதோட்ரெக்சேட்டும்: முதல் 12 வாரங்களைப் படிப்படியாகப் புரிந்துகொள்வது

முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், உறுதியானதும் மருத்துவர் எழுதித் தரும் முதல் சீட்டில் பெரும்பாலும் இரண்டு வகை மருந்துகள் சேர்ந்தே இருக்கும். ஒன்று நாப்ராக்சன் போன்ற ஸ்டீராய்டு அல்லாத அழற்சி நீக்கி. நாம் வழக்கமாக வலி மாத்திரை என்று சொல்வது. மற்றொன்று டிமார்ட் எனப்படும், நோயின் போக்கையே மாற்றும் மருந்து. பெரும்பாலானோருக்கு அது மெதோட்ரெக்சேட்டாக இருக்கும். மூன்றாவது வாரத்தில் பலர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: வலி மாத்திரைக்குக் கேட்கிறது, மற்றது ஒன்றும் செய்யவில்லை, ஆகவே அதை நிறுத்திவிடலாம். மூட்டுகளைக் காப்பாற்றும் மருந்தை வேலை தொடங்குவதற்கு முன்பே கைவிடச் செய்யும் இந்த முடிவு தவிர்க்கப்பட வேண்டும் என்பதற்காகவே இந்த விளக்கம். இதில் வரும் அளவுகள் புரிதலுக்கானவை. உங்களுக்கான அளவை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

படி 1: எந்த மருந்து எங்கே வேலை செய்கிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

முடக்குவாதத்தில் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு தடித்து வீங்குகிறது. அங்கே குவியும் செல்கள் வெளியிடும் வேதிப்பொருள்கள் குருத்தெலும்பையும் அதையொட்டிய எலும்பையும் அரிக்கின்றன. இந்த அரிப்பு பலருக்கு நோயின் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே எக்ஸ்-ரேயில் தெரியத் தொடங்கும். ஒருமுறை அரித்த எலும்பு பழைய நிலைக்குத் திரும்புவது அரிது.

வலி மாத்திரை இந்தத் தொடரின் கடைசிப் பகுதியில் மட்டுமே தலையிடுகிறது. வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதை அது தடுக்கிறது. அதனால்தான் விழுங்கிய சில மணி நேரத்திலேயே ஆறுதல் கிடைக்கிறது. தொடர்ந்து எடுத்தால் ஓரிரு வாரங்களில் அதன் முழுப் பலன் தெரிந்துவிடும். ஆனால் எலும்பை அரிக்கும் செயலை அது நிறுத்துவதில்லை. வலி குறைந்த மூட்டிலும் அரிப்பு தொடர்ந்து நடக்க முடியும்.

மெதோட்ரெக்சேட் தாக்குதலையே தணிக்கிறது. அது ஏன் தாமதிக்கிறது என்பதை அறிந்துகொண்டால் காத்திருப்பது எளிதாகும். இந்த மருந்தின் பெரும்பகுதி ஒரு நாளுக்குள் இரத்தத்திலிருந்து வெளியேறிவிடும். ஆனால் செல்களுக்குள் நுழைந்த பகுதி வேறு வடிவமாக மாறி அங்கேயே தங்குகிறது. வாரந்தோறும் எடுக்கும் அளவு இப்படிச் சிறிது சிறிதாகச் சேர்ந்து ஒரு நிலையை எட்டப் பல வாரங்கள் ஆகும். எனவே பலன் பொதுவாக 6 முதல் 12 வாரங்களில் தெரிகிறது. வாரத்துக்கு ஒருமுறை எடுத்தாலே போதும் என்பதற்கும் இதுவே காரணம். மற்ற டிமார்ட்களும் மெதுவானவையே: சல்ஃபாசலசின் ஒன்றிலிருந்து மூன்று மாதங்கள் எடுக்கும், ஹைட்ராக்சிகுளோரோகுயின் அதைவிடவும் தாமதிக்கலாம்.

படி 2: தொடக்க நிலையை எழுதி வையுங்கள்

வலியை மட்டும் அளவுகோலாக வைத்தால், வலி மாத்திரையே எப்போதும் வென்றதாகத் தோன்றும். எனவே மருத்துவர்கள் சிடிஏஐ என்ற எளிய மதிப்பெண்ணைப் பயன்படுத்துகிறார்கள். குறிப்பிட்ட 28 மூட்டுகளில் அழுத்தினால் வலிப்பவை எத்தனை, வீங்கியவை எத்தனை என்று எண்ணி, நோயாளி தன் நிலைக்குத் தரும் மதிப்பையும் மருத்துவர் தரும் மதிப்பையும் 0 முதல் 10 வரையான அளவில் சேர்த்துக் கூட்டினால் மதிப்பெண் கிடைத்துவிடும். 22-க்கு மேல் என்றால் நோய் தீவிரமாக இருக்கிறது, 10-க்கு மேல் 22 வரை நடுத்தரம், 10 அல்லது அதற்குக் கீழ் என்றால் நோய் அடங்கியிருக்கிறது, 2.8 அல்லது அதற்குக் கீழ் என்றால் தணிந்துவிட்டது.

ஓர் உதாரணத்தைக் கடைசி வரை கொண்டு செல்வோம். 42 வயதுப் பெண் ஒருவருக்கு இரு கைகளின் விரல் மூட்டுகளிலும் மணிக்கட்டுகளிலும் வீக்கம். காலையில் இரண்டு மணி நேரம் விரல்களை மடக்க முடியாத விறைப்பு. வலிக்கும் மூட்டுகள் 10, வீங்கியவை 8, அவருடைய மதிப்பு 7, மருத்துவரின் மதிப்பு 6, மொத்தம் 31. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. இரத்தப் பரிசோதனையில் 32. அவருக்கு நாப்ராக்சன் 500 மி.கி. நாளுக்கு இருமுறை உணவுக்குப் பின், வயிற்றைக் காக்க ஒமிப்ரசோல், ஞாயிறுதோறும் மெதோட்ரெக்சேட் 10 மி.கி., செவ்வாய்தோறும் ஃபோலிக் அமிலம் 5 மி.கி. என்று எழுதப்படுகிறது.

படி 3: மெதோட்ரெக்சேட்டுக்கு ஒரு கிழமையை நிலையாக வையுங்கள்

இந்த விளக்கத்தில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: முடக்குவாதத்துக்கு மெதோட்ரெக்சேட் வாரத்தில் ஒருமுறைதான், தினமும் அல்ல. மற்ற மாத்திரைகளோடு சேர்த்துத் தவறுதலாகத் தினமும் எடுத்ததால் எலும்பு மஜ்ஜை செயலிழந்து உயிரிழப்பு வரை போன நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. கிழமையின் பெயரைச் சீட்டிலும் மாத்திரை அட்டையிலும் எழுதச் சொல்லுங்கள். 2.5 மி.கி. மாத்திரையும் 10 மி.கி. மாத்திரையும் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கலாம். நான்கு சிறிய மாத்திரைகள் எடுத்து வந்தவர் பெரிய மாத்திரையிலும் நான்கு எடுத்தால் அளவு நான்கு மடங்காகிவிடும். ஆகவே ஒவ்வொரு முறை மருந்து வாங்கும்போதும் மி.கி. அளவைப் படித்துப் பார்ப்பது அவசியம்.

வாய்ப்புண், குமட்டல், கல்லீரல் நொதிகள் உயர்வது ஆகியவற்றை ஃபோலிக் அமிலம் குறைக்கிறது. அதை விட்டுவிட வேண்டாம். கோட்ரைமாக்சசோல் என்ற நுண்ணுயிர்க் கொல்லியை மெதோட்ரெக்சேட்டுடன் சேர்ப்பது ஆபத்தானது. எனவே வேறு எந்த மருத்துவரிடம் சென்றாலும், சாதாரணத் தொற்றுக்காகச் சென்றாலும், இந்த மருந்து எடுப்பதை முதலில் சொல்லுங்கள். இது கருவைப் பாதிக்கும் மருந்து. கருத்தரிக்கும் வாய்ப்புள்ளவர்கள் நம்பகமான கருத்தடையைப் பின்பற்ற வேண்டும், குழந்தைக்குத் திட்டமிடும் சில மாதங்களுக்கு முன்பே மருத்துவரிடம் பேசி மாற்றுமருந்துக்குச் செல்ல வேண்டும்.

படி 4: இரத்தப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள்

தொடங்குவதற்கு முன் இரத்த அணுக்களின் எண்ணிக்கை, கல்லீரல் நொதிகள், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், ஹெபடைட்டிஸ் பி, சி ஆகியவை பார்க்கப்படும். முதல் மூன்று மாதங்களில் இரண்டிலிருந்து நான்கு வாரங்களுக்கு ஒருமுறையும், பிறகு 8 முதல் 12 வாரங்களுக்கு ஒருமுறையும் அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் தொடரும். மெதோட்ரெக்சேட் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. வலி மாத்திரைகளோ சிறுநீரகத்தைச் சோர்வடையச் செய்யக்கூடியவை. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம்தான் என்றாலும், கிரியேட்டினினைப் பார்க்காமல் அப்படித் தொடர்வது சரியல்ல. கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் இருக்கும் வாரத்தில் மெதோட்ரெக்சேட்டை எடுக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். புதிதாக வரும் வறட்டு இருமலும் மூச்சுத்திணறலும் நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். அதற்குப் பரிசோதனை நாள் வரை காத்திருக்கக் கூடாது.

படி 5: இரண்டு மருந்துகளையும் தனித்தனிக் காலக்கணக்கில் மதிப்பிடுங்கள்

பத்தாம் நாள் நம் உதாரணப் பெண் நன்றாகவே உணர்கிறார். வலிக்கும் மூட்டுகள் 7, அவருடைய மதிப்பு 4 ஆகிவிட்டது. ஆனால் வீங்கிய மூட்டுகள் இன்னும் 7, மருத்துவரின் மதிப்பு 5, கூட்டினால் 23. அதாவது, வலி கணிசமாகக் குறைந்த பிறகும் நோய் இன்னும் தீவிரம் என்ற எல்லைக்குள்ளேயே இருக்கிறது. சி.ஆர்.பி.யும் 30 என்று ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. இந்தப் பத்து நாள் முன்னேற்றம் நாப்ராக்சனுடையது. மெதோட்ரெக்சேட்டைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ எதுவும் சொல்ல இன்னும் காலம் வரவில்லை.

இந்த இடைவெளியில் வலியும் விறைப்பும் தாங்க முடியாததாக இருந்தால், மருத்துவர் குறைந்த அளவில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைச் சேர்ப்பதுண்டு. அது டிமார்ட் வேலை செய்யத் தொடங்கும் வரையிலான தற்காலிக ஏற்பாடு. கூடிய விரைவில், மூன்று மாதங்களுக்குள் குறைத்து நிறுத்துவதே நோக்கம். வலி மாத்திரையின் அளவை நீங்களாகக் கூட்டுவது இதற்கு மாற்றாகாது. வயிற்றுப் புண், இரத்தக் கசிவு, இரத்த அழுத்தம் உயர்வது ஆகிய ஆபத்துகள்தான் கூடும்.

பரிசோதனைகள் சரியாக இருந்ததால் ஆறாவது வாரத்துக்குள் மெதோட்ரெக்சேட் படிப்படியாக 20 மி.கி. ஆக்கப்படுகிறது. எட்டாவது வாரம் அவர் முதன்முறையாக ஒன்றைக் கவனிக்கிறார்: ஒரு வேளை நாப்ராக்சனை மறந்த மறுநாள் காலையிலும் விறைப்பு அரை மணி நேரத்தில் விட்டுவிடுகிறது. என்னுடைய பார்வையில், டிமார்ட் வேலை செய்யத் தொடங்கியதை வீட்டிலேயே அறிய இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

படி 6: 12-ஆவது வாரத்தில் முடிவெடுங்கள்

மூன்று மாதங்களில் மதிப்பெண் குறைந்தது பாதியாவது இறங்க வேண்டும், ஆறு மாதங்களில் நோய் அடங்கியிருக்க வேண்டும் என்பது வாதநோய் நிபுணர்கள் பின்பற்றும் பொது இலக்கு. நம் உதாரணத்தில் 12-ஆவது வாரம் வலிக்கும் மூட்டுகள் 4, வீங்கியவை 3, அவருடைய மதிப்பு 3, மருத்துவரின் மதிப்பு 2, மொத்தம் 12. சி.ஆர்.பி. 9. தொடக்கத்திலிருந்த 31-இல் பாதிக்கும் மேல் இறங்கிவிட்டதால் இதே மருந்தைத் தொடர்வது நியாயம். 12 என்பது இன்னும் நடுத்தர எல்லைக்குள் இருப்பதால் அளவை 25 மி.கி. வரை கூட்டுவதையோ ஊசி வடிவத்துக்கு மாற்றுவதையோ மருத்துவர் யோசிக்கலாம். மாறாக மதிப்பெண் 25-இலேயே நின்றிருந்தால், மாத்திரைகள் ஒழுங்காக எடுக்கப்பட்டனவா என்று உறுதிசெய்துகொண்டு, இன்னொரு டிமார்ட்டைச் சேர்ப்பதோ, அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுப்பது போன்ற உயிரியல் மருந்துக்குச் செல்வதோ அடுத்த கட்டம். அத்தகைய மருந்துக்கு முன் மறைந்திருக்கும் காசநோய் உள்ளதா என்று பார்ப்பது கட்டாயம்.

படி 7: முதலில் விலக வேண்டியது எது என்று அறியுங்கள்

மூட்டுகள் அடங்கியதும் முதலில் குறைக்கப்படுவது வலி மாத்திரைதான். நம் உதாரணப் பெண் 14-ஆவது வாரத்திலிருந்து நாப்ராக்சனை இரவு ஒரு வேளையாக்கி, பிறகு தேவைப்படும் நாளில் மட்டும் எடுக்கிறார். மதிப்பெண் 24-ஆவது வாரம் 6 ஆகிறது. வலி மாத்திரையை நிறுத்தினால் திரும்பி வருவது வலி மட்டுமே. அதை மீண்டும் எடுத்தால் சில மணி நேரத்தில் அடங்கும். மெதோட்ரெக்சேட்டை நலமாகிவிட்டது என்று திடீரென நிறுத்தினால் சில வாரங்கள் ஒன்றும் தெரியாது, ஏனெனில் செல்களுக்குள் சேர்ந்தது மெதுவாகவே குறைகிறது. அதன் பிறகு வீக்கம் திரும்பும், மருந்தை மீண்டும் தொடங்கினால் பலனுக்காக மறுபடியும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அளவைக் குறைப்பதாக இருந்தால், நோய் பல மாதங்கள் தணிந்த நிலையிலேயே நீடித்த பிறகு, மருத்துவரின் கண்காணிப்பில், சிறு சிறு படிகளாகவே குறைக்கிறார்கள்.